1 கப் எத்தனை கிராம்? பொருளின் பெயர் சொல்லாத அளவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1 கப் எத்தனை கிராம்? ஒரே ஒரு எண் சொல்லுங்கள், போதும்.

ஒரே எண் கிடையாது. என்ன பொருள் என்று தெரிந்தால்தான் எண் சொல்ல முடியும்.

கப் இடத்தை அளக்கிறது, கிராம் எடையை அளக்கிறது. அந்த இடத்தில் எதைப் போட்டு நிரப்புகிறோமோ அதைப் பொறுத்து எடை மாறும். 240 மி.லி. கப்பில் அரிசிப் பொரியைக் கொட்டித் தராசில் வைத்தால் இருபது கிராமைத் தொடுவதே கஷ்டம். அதே கப்பில் மைதாவை அள்ளாமல் மெதுவாகப் போட்டு நிரப்பினால் சுமார் 120 கிராம். சர்க்கரை என்றால் 200. தேன் ஊற்றினால் 340. ஒரே கப்தான், ஆனால் பொரிக்கும் தேனுக்கும் நடுவே பதினைந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

பொருள் தெரியாமல் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு, அது மி.லி. கப்பின் கொள்ளளவு தெரிந்தால் 1 கப் என்பது 240 மி.லி. என்றோ 250 மி.லி. என்றோ சொல்லிவிடலாம், அது எந்தப் பொருளுக்கும் சரியாக இருக்கும். அதற்கு மேல் கிராமுக்குப் போக வேண்டுமானால் பொருளின் அடர்த்தி வேண்டும். மி.லி.யை அடர்த்தியால் பெருக்கினால் கிராம் வரும், கணக்கு அவ்வளவுதான். அடர்த்தி என்ற அந்த ஒரு எண் பொருளின் பெயரில்தான் ஒளிந்திருக்கிறது. பெயர் இல்லை என்றால் கணக்கின் பாதி இல்லை.

ஆனால் 1 கப் = 250 கிராம் என்று எத்தனையோ இடங்களில் போட்டிருக்கிறார்களே?

அது தண்ணீருக்கான எண். தண்ணீர் 1 மி.லி. கிட்டத்தட்ட 1 கிராம் எடை இருக்கும். அதனால் 250 மி.லி. கப்பில் 250 கிராம் தண்ணீர் பிடிக்கும். பால், தயிர், மோர் எல்லாம் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவற்றுக்கும் இந்த எண்ணை வைத்து ஓட்டிவிடலாம். ஒரு கப் பாலுக்குத் தண்ணீரைவிட ஏழெட்டு கிராம் கூடும், சமையலில் அது ஒரு பொருட்டே இல்லை.

சிக்கல் என்னவென்றால், இந்த எண் பரவும்போது ‘தண்ணீருக்கு’ என்ற சொல் வழியில் உதிர்ந்துவிடுகிறது. மாவுக்கும் ரவைக்கும் துருவிய தேங்காய்க்கும் அதையே போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். எண்ணெய், நெய் கூடத் தண்ணீரைவிட லேசானவை. 240 மி.லி. கப்பில் எண்ணெய் சுமார் 220 கிராம்தான். உலர்ந்த மாவு வகைகளோ துகளுக்கும் துகளுக்கும் நடுவே காற்றைப் பிடித்து வைத்திருப்பதால் தண்ணீரின் எடையில் பாதி அளவிலேயே நின்றுவிடும்.

கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? சமையல்தானே?

சாம்பாரில் முழுகாது. இனிப்பிலும் கேக்கிலும் முழுகும். செவன் கப் இனிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அதன் பெயரிலேயே கப் இருக்கிறது, பொருள் இல்லை. கடலை மாவு 1 கப், துருவிய தேங்காய் 1 கப், பால் 1 கப், நெய் 1 கப், சர்க்கரை 3 கப். மொத்தம் ஏழு. எல்லாவற்றையும் அடிகனமான பாத்திரத்தில் போட்டுக் கிளறி, ஓரம் விட்டு நுரைத்து வரும்போது தட்டில் கொட்டித் துண்டு போடுவோம்.

240 மி.லி. கப்பில் அளந்து ஒவ்வொன்றையும் தராசில் வைத்தால் ஏறக்குறைய இப்படி வரும்: சலித்த கடலை மாவு 100 கிராம், தேங்காய்த் துருவல் 80, பால் 245, நெய் 215, சர்க்கரை மூன்று கப்பும் சேர்ந்து 600. ஆக மொத்தம் 1,240 கிராம். இதில் சர்க்கரை கடலை மாவைப்போல் ஆறு மடங்கு, நெய் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். இந்த விகிதத்தில்தான் பாகு மாவைப் பிடித்துக்கொள்கிறது, நெய் மாவை வறுக்கிறது, துண்டு மிருதுவாக நிற்கிறது.

இப்போது ஒருவர் ‘1 கப் = 240 கிராம்’ என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தராசில் அளக்கிறார் என்று வையுங்கள். கடலை மாவு 240, தேங்காய் 240, பால் 240, நெய் 240, சர்க்கரை 720. தாளில் பார்த்தால் 1:1:1:1:3 என்று அழகாக இருக்கிறது. ஆனால் 240 கிராம் கடலை மாவு என்பது கிட்டத்தட்ட இரண்டரைக் கப். 240 கிராம் தேங்காய் மூன்று கப். சர்க்கரை 3.6 கப். கூட்டிப் பார்த்தால் ஏழு கப் இனிப்பு பதினொரு கப் ஆகிவிட்டது. அது மட்டும் என்றால் பரவாயில்லை, அளவு பெருகியது என்று விட்டுவிடலாம். விகிதமே மாறிவிட்டது. சர்க்கரை மாவைப்போல் மூன்று மடங்குதான், நெய்யும் மாவும் சரிசமம்.

அடுப்பில் இது எப்படித் தெரியும் என்றால், ஓரம் விட்டு வரும் முன்பே கலவை கெட்டியாகிக் கரண்டியைப் பிடித்துக்கொள்ளும். நெய் பிரிந்து மேலே வராது. மாவின் பச்சை வாசனை போகாது. துண்டு போட்டால் உதிரும். பலர் இந்த இடத்தில் பாகு பதம் தப்பிவிட்டது, தீ கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தவறு அடுப்பில் நடக்கவில்லை, தராசில் நடந்தது.

அப்படியானால் எல்லாச் சமையல் குறிப்பையும் கிராமுக்கு மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். குறிப்பு முழுக்கக் கப் அளவிலேயே இருந்தால் அதை அப்படியே விடுவதுதான் நல்லது. செவன் கப்பை 150 மி.லி. டம்ளரில் அளந்தாலும் 250 மி.லி. கப்பில் அளந்தாலும் இனிப்பு சரியாகவே வரும், அளவுதான் கூடும் குறையும். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஆழாக்கிலும் டம்ளரிலும் அளந்து சமைத்தது இப்படித்தான். இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்றால் எந்தப் பாத்திரத்தால் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் எல்லாவற்றையும் அதே பாத்திரத்தால் அளக்கிறோம்.

உடையும் இடம் எது என்றால், கப்போடு வேறு அளவு கலக்கும்போது. ‘2 கப் மைதா, 3 முட்டை, 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர்’ என்று இருந்தால் முட்டையும் ஸ்பூனும் உங்கள் டம்ளருக்கு ஏற்ப மாறப்போவதில்லை. ஒரு டப்பா கண்டென்ஸ்டு மில்க்கும் அப்படியே. அங்கே கப் எத்தனை மி.லி. என்பது முக்கியமாகிவிடும்.

இன்னொன்று, குறிப்பைப் பெருக்கும்போது. நாலு பேருக்கான அளவை அறுபது பேருக்கு ஆக்கினால் கப்பால் அளப்பது நடக்காது. கடையில் போய் கிலோ கணக்கில்தான் வாங்க வேண்டும். இனிப்பு செய்து விற்கிறவர்களுக்கு விலை போடவும் கிராம் தேவை. அப்போது மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். மொத்தக் கப்புகளைக் கூட்டி ஒரு எண்ணால் பெருக்குவது கூடாது.

குறிப்பில் ‘மாவு 1 கப்’ என்றுதான் இருக்கிறது. அது போதாதா?

போதாது, அது பாதிப் பெயர். மைதா என்றால் 120 கிராம் சொல்லலாம். கடையில் வாங்கும் உலர்ந்த அரிசி மாவு என்றால் 150க்கு மேல் போகும். அதிரசத்துக்கு ஊறவைத்து இடித்த ஈர அரிசி மாவு என்றால் அதில் தண்ணீரும் சேர்ந்து எடை போடும். இட்லி மாவு என்றால் அது பொடியே இல்லை, அரைத்தவுடன் எடுத்த மாவு தண்ணீரின் எடைக்குப் பக்கத்தில் இருக்கும். பொங்கிய பிறகு எடுத்தால் உள்ளே காற்று ஏறியிருப்பதால் அதே கப் நன்றாகக் குறையும்.

பெயரோடு பொருள் இருக்கும் நிலையும் தெரிய வேண்டும். சர்க்கரை ஒரு கப் 200 கிராம், அதையே பொடித்துவிட்டு அளந்தால் சுமார் 120. தேங்காய் துருவலா, பல்லுப் பல்லாகக் கீறியதா, உலர்ந்த பவுடரா என்பதும் எடையை மாற்றும். அவல் கெட்டியா, பேப்பர் அவலா என்பதும் அப்படியே.

இதில் உடம்போடு நேராகச் சம்பந்தப்பட்டது அரிசியும் சாதமும். சர்க்கரை நோய்க்காக உணவுக் கணக்கு எழுதுகிறவர்கள் ‘1 கப் ரைஸ்’ என்று குறிப்பதைப் பார்க்கிறேன். பச்சையாக அளந்த ஒரு கப் அரிசி சுமார் 185 கிராம், அதில் மாவுச்சத்து 145 கிராமுக்கு மேல். வடித்த சாதம் ஒரு கப் சுமார் 160 கிராம், அதில் மாவுச்சத்து சுமார் 45 கிராம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். எடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, மாவுச்சத்திலோ மூன்று மடங்கு இடைவெளி. ‘சமைத்த பிறகு’ என்ற இரண்டு சொற்களை எழுதாமல் விட்டால் டாக்டர் பார்க்கும் கணக்கே வேறாகிவிடும். இன்சுலின் அளவை உணவின் மாவுச்சத்தை வைத்து மாற்றிக்கொள்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பொருளின் பெயர் தெரிந்தும் ஒரு பட்டியலில் மைதா 120, இன்னொன்றில் 150 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்க முடியும். கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் மாவு அழுந்தி 140 முதல் 150 வரை ஏறும். மாவைக் கரண்டியால் கிளறிவிட்டு, கரண்டி கரண்டியாகக் கப்பில் போட்டு, மேலே கத்தியின் முதுகால் வழித்தால் 120க்குப் பக்கத்தில் நிற்கும். சலித்த மாவு இன்னும் குறையும். கப்பைத் தட்டித் தட்டி நிரப்பினால் அள்ளியதையும் தாண்டிவிடும்.

இரண்டு கப் மைதா கேட்கும் கேக்கில் இது ஐம்பது அறுபது கிராம் வித்தியாசம், அதாவது ஏறக்குறைய அரைக் கப் மாவு கூடுதல். கேக் மேலே வெடித்து, உள்ளே உலர்ந்து, வெட்டும்போது தூளாக உதிர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். குறிப்பு எழுதியவர் எப்படி அளந்தார் என்று சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சொல்லவில்லை என்றால் லேசான எண்ணை, அதாவது 120ஐ, எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். கலவை நீர்த்து இருந்தால் ஒரு கை மாவு சேர்க்கலாம், போட்டதை எடுக்க முடியாது.

சர்க்கரை, உப்பு, எண்ணெய், பால் இவற்றில் இந்தத் தொல்லை குறைவு. அவை அழுந்துவதில்லை, அதனால் பட்டியலுக்குப் பட்டியல் எண்கள் பெரிதாக மாறாது.

ஸ்பூன் சின்ன அளவுதானே? 1 டீஸ்பூன் 5 கிராம் என்று வைத்துக்கொள்ளலாமா?

5 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள், 5 கிராம் என்று வேண்டாம். தலை வழித்த ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம். சர்க்கரை 4 கிராமைக் கொஞ்சம் தாண்டும். மஞ்சள் தூளும் உலர்ந்த ஈஸ்ட்டும் 3 கிராம் அளவில் நிற்கும். தேன் 7. கல் உப்பில் கற்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் தூள் உப்பைவிடக் குறைவாகவே வரும். அதனால்தான் ‘உப்பு 1 ஸ்பூன்’ என்று ஒருவர் சொன்னது இன்னொரு வீட்டில் கரிக்கிறது.

ஸ்பூன் சின்னது என்பதால் தவறும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வயிற்றுப்போக்கின்போது வீட்டில் கலக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலைப் பாருங்கள். காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீருக்குத் தலை வழித்த 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை வழித்த அரை டீஸ்பூன் உப்பு. எடையில் சொன்னால் சர்க்கரை சுமார் 25 கிராம், உப்பு சுமார் 3 கிராம். இதைத் தொலைபேசியில் ‘ஆறு ஸ்பூன், அரை ஸ்பூன், ஒரு லிட்டர்’ என்று பொருள் பெயரில்லாமல் சொன்னால் என்ன ஆகும்? இரண்டையும் மாற்றிப் போட்டால் லிட்டருக்கு 36 கிராம் உப்பு. கடல் நீரில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மாற்றிப் போடாவிட்டாலும் எந்த ஸ்பூன் என்பது இருக்கிறது. டீஸ்பூனுக்குப் பதில் குழம்பு பரிமாறும் பெரிய ஸ்பூனில் அரை ஸ்பூன் போட்டால் உப்பு மூன்று மடங்கு ஆகலாம். கைக்குழந்தைக்கு அது ஆபத்து. இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை கொண்டுபோகும். சர்க்கரை கூடினால் வயிற்றுப்போக்கு இன்னும் மோசமாகும். மருந்துக் கடையிலும் அரசு ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட் எடை போட்டு அடைத்தது. அது கைக்கு எட்டும்போது அதையே கலக்குங்கள். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவும் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தாலும் இதே ஆபத்துதான்.

சிரப் மருந்துகளுக்கு அளவு மி.லி.யில்தான் எழுதுவார்கள். கூடவே வரும் மூடியோ சிரிஞ்சோ அதற்காகத்தான். அதைக் கிராமாக மாற்ற வேண்டாம், சமையல் ஸ்பூனிலும் ஊற்ற வேண்டாம்.

கப் என்றால் எந்தக் கப்? என்னிடம் இருப்பது எத்தனை மி.லி. என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அமெரிக்கக் குறிப்புகளில் கப் 237 மி.லி., அங்கே உணவுப் பொட்டலங்களின் சத்துப் பட்டியலில் 240. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் சமையல் கப் 200. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180, அதை வைத்து கேக் அளந்தால் எல்லாம் முக்கால் பங்காகிவிடும். டேபிள்ஸ்பூன் பெரும்பாலான இடங்களில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. சிட்னியிலோ மெல்பர்னிலோ கடையில் வாங்கிய ஸ்பூன் செட்டை வைத்துக்கொண்டு ஊர்க் குறிப்பைப் பார்த்துச் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு ஸ்பூனுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடும்.

உங்கள் கப்பைச் சோதிக்கத் தண்ணீரே போதும். காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கப்பின் மி.லி. கிராமையும் மி.லி.யையும் மாற்றி மாற்றிப் பேசலாம் என்பது தண்ணீருக்கு மட்டும்தான், அதை இங்கே நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

வீட்டில் தராசு இல்லை. அப்புறம் எப்படி?

பாக்கெட்டை நம்பலாம். அரைக் கிலோ மைதா பாக்கெட்டைப் பிரித்து, நீங்கள் வழக்கமாக அளக்கும் விதத்திலேயே கப்பால் அளந்து டப்பாவில் கொட்டுங்கள். நாலு கப் வந்தால் உங்கள் கையில் ஒரு கப் 125 கிராம். மூன்றரைதான் வந்தால் நீங்கள் அழுத்தி அள்ளுகிறவர், உங்கள் கப் 143 கிராம். ஒரு கிலோ சர்க்கரை 240 மி.லி. கப்பில் ஐந்து கப்புக்குப் பக்கத்தில் வர வேண்டும். நாலே நாலு வந்தால் உங்கள் கப் 300 மி.லி. அளவில் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த முறையை நான் இணையத்தில் கிடைக்கும் எந்தப் பட்டியலையும்விட மேலாக நினைக்கிறேன். உங்கள் கப், உங்கள் கை, நீங்கள் வாங்கும் மாவு மூன்றும் சேர்ந்து வரும் எண் இது. எண்ணை மாவு டப்பாவின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

தராசு வாங்கியிருக்கிறேன். ஸ்பூன் அளவுகளையும் அதிலேயே எடை போடலாமா?

சாதாரண சமையல் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் நகரும். அரை டீஸ்பூன் பேக்கிங் சோடா இரண்டு, இரண்டரை கிராம். தராசு அதை 2 என்றும் காட்டும், 3 என்றும் காட்டும். சில தராசுகள் இவ்வளவு சின்ன எடையைச் சேர்க்கும்போது அசையவே அசையாது, நாமும் இன்னும் கொஞ்சம் போட்டுவிடுவோம். சோடா கூடினால் கேக்கில் சோப்பு வாடை வந்துவிடும். ஆகவே சோடா, ஈஸ்ட், ஏலக்காய்ப் பொடி போன்றவற்றை அளவு ஸ்பூனிலேயே தலை வழித்து அளங்கள்.

பெரிய அளவுக்காக ஒரு ஸ்பூனின் எடை தெரிந்தே ஆக வேண்டும் என்றால் பத்து ஸ்பூனை ஒன்றாகப் போட்டு எடை பார்த்துப் பத்தால் வகுங்கள். அப்போது தராசின் ஒரு கிராம் தடுமாற்றம் ஒரு ஸ்பூனுக்குப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

பழைய நோட்டில் அளவு இருக்கிறது, பொருளின் பெயர் அழிந்துவிட்டது. கிராமுக்கு மாற்ற வழி உண்டா?

பெயரைக் கண்டுபிடிக்கும் வரை மாற்றாதீர்கள், கப் அளவாகவே வைத்திருங்கள். பல நேரம் செய்முறை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நெய் பிஸ்கட் குறிப்பில் ‘1 கப், அரைக் கப், நெய் அரைக் கப்’ என்று மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிஸ்கட்டில் அதிகம் போவது மாவு, ஆக 1 கப் மாவுதான். மிச்சமுள்ள அரைக் கப் சர்க்கரை. இதுவரை சுலபம்.

அடுத்து, அது முழுச் சர்க்கரையா, பொடித்ததா? அரைக் கப் முழுச் சர்க்கரை 100 கிராம், பொடித்தது 60 கிராம். கீழே செய்முறையில் ‘சர்க்கரையை மிக்ஸியில் பொடித்து’ என்று இருந்தால் அளந்த பிறகு பொடித்திருக்கிறார்கள், அதனால் 100. ‘பொடித்த சர்க்கரையை நெய்யோடு குழைத்து’ என்று நேராகத் தொடங்கினால் அளக்கும்போதே பொடி, 60. மாவு எது என்பதற்கும் இப்படித் தேடலாம். ‘கடலை மாவு வாசனை போக’ என்றோ ‘ரவை ஊறும் வரை’ என்றோ எங்கேயாவது ஒரு வரி இருக்கும்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் கால் பங்கு அளவில் செய்து பாருங்கள், இரண்டு எண்ணில் சிறியதை வைத்து. பிஸ்கட்டில் சர்க்கரை குறைந்தால் இனிப்புதான் குறையும், கூடினால் ஓவனில் பரந்து ஒட்டிக்கொள்ளும். சரியாக வந்த எண்ணை நோட்டில் எழுதும்போது பொருள், நிலை, கிராம் மூன்றையும் சேர்த்தே எழுதிவையுங்கள்: ‘பொடித்த சர்க்கரை, 60 கிராம்’.

வாட்ஸ்அப் குழுவில் ‘3 கப் எத்தனை கிராம், அவசரம்’ என்று கேட்கிறார்கள். என்ன பதில் போடுவது?

‘என்ன பொருள்?’ என்று திருப்பிக் கேளுங்கள். அவசரத்தில் 750 என்று போட்டுவிடாதீர்கள். மூன்று கப் மைதா 360 கிராம்தான், கேட்டவர் இரண்டு மடங்கு மாவைக் கொட்டிவிடுவார். அவர் பதில் சொல்ல நேரமாகும் என்று தோன்றினால் ‘720 மி.லி., தண்ணீர் பால் என்றால் ஏறக்குறைய அதே கிராம், மாவு என்றால் பாதி, சர்க்கரை என்றால் 600’ என்று ஒரே வரியில் போடலாம். அதிலிருந்து தனக்கு வேண்டியதை அவரே எடுத்துக்கொள்வார்.

கிராமில் கொடுத்த குறிப்பைக் கப்புக்கு மாற்றுவதற்கும் இதே விதிதானா?

ஆமாம், திருப்பிப் போட்டால் சரி. கிராமை அந்தப் பொருளின் ஒரு கப் எடையால் வகுங்கள். 300 கிராம் மைதா என்றால் 120ஆல் வகுத்து இரண்டரைக் கப். 300 கிராம் சர்க்கரை என்றால் 200ஆல் வகுத்து ஒன்றரைக் கப். 300 கிராம் எண்ணெய் ஒரு கப்பும் இன்னொரு கப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலும். மூன்றையும் கலக்கும் குறிப்பில் எடைகள் ஒன்றாகத் தெரிந்தாலும் கப்புகள் வேறு வேறாகத்தான் வரும். அதைக் கண்டு கணக்குத் தப்பிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். மூன்றும் ஒரே கப் அளவில் வந்தால்தான் மறுபடி பார்க்க வேண்டும்.